இரண்டு குமிழ்கள், மூன்று வெளியீடுகள்

ஃபில்டர் ஒன்றை வடிவமைப்பவர் முதலில் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, அது எந்த அதிர்வெண்ணில் வேலை செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, அந்த இடத்தில் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பது. கூர்மையை அளக்கும் எண்ணைப் பொறியாளர்கள் ‘க்யூ’ என்பார்கள். க்யூ 10 என்றால், 1,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட ஃபில்டர் அதைச் சுற்றி சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே தாராளமாக விடும்.

ஒரே ஆப்-ஆம்ப் கொண்ட எளிய சுற்றுகளில் இந்த இரண்டையும் நிம்மதியாகக் கையாள முடியாது. 1955-இல் அறிமுகமாகி இன்றும் பரவலாகப் பயன்படும் சாலன்-கீ சுற்றையே பார்க்கலாம். அதில் ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் சம மதிப்பில் இருந்தால், க்யூ என்பது 3-இலிருந்து ஆம்பின் பெருக்கத்தைக் கழித்து, வரும் எண்ணால் 1-ஐ வகுத்தால் கிடைப்பது. க்யூ 10 வேண்டுமானால் பெருக்கம் 2.9 ஆக இருக்க வேண்டும். அந்தப் பெருக்கம் ஒரு சதவீதம் கூடி 2.929 ஆனாலே க்யூ 14-ஐத் தொட்டுவிடும். 3-ஐ எட்டினால் ஃபில்டர் ஃபில்டராக இருக்காது, தானாகவே ஊளையிடும் ஆசிலேட்டராகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு 1967-இல் ஒரு நல்ல தீர்வு வந்தது. கெர்வின், ஹூல்ஸ்மன், நியூகோம்ப் என்ற மூவர் வெளியிட்ட கட்டுரையில் மூன்று ஆப்-ஆம்ப் கொண்ட சுற்று ஒன்றை விவரித்தார்கள். பாகங்களின் மதிப்பு சற்றுப் பிசகினாலும் நடத்தை பெரிதாக மாறாத சுற்றைத்தான் அவர்கள் தேடினார்கள். மூவர் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து அதை ‘கே.எச்.என்.’ சுற்று என்றும், பொதுவாக ‘ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர்’ என்றும் சொல்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆடும் ஊஞ்சலுக்கு எந்தக் கணத்திலும் முடுக்கம், வேகம், இருக்கும் இடம் ஆகிய மூன்றும் உண்டு. முடுக்கம் சேர்ந்து சேர்ந்து வேகமாகிறது, வேகம் சேர்ந்து சேர்ந்து இடமாகிறது. இப்படிச் சேர்க்கும் வேலையைச் சுற்றில் இன்டக்ரேட்டர்கள் செய்கின்றன. முதல் ஆப்-ஆம்ப் சிக்னல்களைக் கூட்டித் தருவது முடுக்கம் போன்றது. அதுவே ஹை-பாஸ் வெளியீடு. அதை முதல் இன்டக்ரேட்டர் வாங்கிக்கொண்டு தருவது வேகத்துக்கு இணையான பேண்ட்-பாஸ். இரண்டாவது இன்டக்ரேட்டர் தருவது இடத்துக்கு இணையான லோ-பாஸ்.

ஊஞ்சல் எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் ஆடும் என்பதைக் கயிற்றின் நீளம் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் ஓயாமல் ஆடும் என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. சுற்றிலும் இவை இரண்டும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. லோ-பாஸ் வெளியீடு முதல் ஆம்புக்குத் திரும்பி வருவது ஊஞ்சலை நடுவுக்கு இழுக்கும் விசை. பேண்ட்-பாஸ் வெளியீட்டில் ஒரு பங்கு திரும்பி வருவது உராய்வு. அந்தப் பங்கைக் குறைத்தால் க்யூ ஏறும், கூட்டினால் இறங்கும். அதிர்வெண்ணோ இன்டக்ரேட்டர்களின் கையில் இருக்கிறது. அதனால் ஒன்றை மாற்றும்போது மற்றது அசையாது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். டி.எல்.074 என்ற சிப்பில் நான்கு ஆப்-ஆம்ப்கள் உண்டு, இதற்கு மூன்று போதும். இரண்டு இன்டக்ரேட்டருக்கும் 10 நானோஃபாரட் கெபாசிட்டரும் 16 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போடுவோம். சூத்திரம் இது:

f = 1 / (2πRC)

கணக்கிட்டால் 995 ஹெர்ட்ஸ் வருகிறது. முதல் ஆம்பின் மூன்று ரெசிஸ்டர்களையும் சம மதிப்பில் வைத்துவிட்டு, பேண்ட்-பாஸ் வெளியீட்டை Ra, Rb என்ற இரு ரெசிஸ்டர்களால் பிரித்து அதன் பிளஸ் முனைக்குத் தர வேண்டும். Ra பேண்ட்-பாஸ் பக்கமும் Rb கிரவுண்ட் பக்கமும் இருக்கும்.

Q = (Ra + Rb) / (3Rb)

Rb 10 கிலோ ஓம், Ra 290 கிலோ ஓம் என்றால் க்யூ 10. Ra-வை 140 கிலோ ஓமாகக் குறைத்தால் க்யூ 5 ஆகிவிடும், மையம் அதே 995 ஹெர்ட்ஸில் நிற்கும். மாறாக Ra-வைத் தொடாமல் இரண்டு 16 கிலோ ஓமையும் 8 ஆக்கினால் மையம் 1,990-க்குப் போகும், க்யூ 10-லேயே இருக்கும். க்யூ மாறாததால் அகலமும் மையத்தோடு சேர்ந்து இரட்டிப்பாகி சுமார் 200 ஹெர்ட்ஸ் ஆகும். Ra ஒரு சதவீதம் பிசகினால் க்யூவும் ஏறத்தாழ ஒரு சதவீதமே பிசகும். சாலன்-கீயில் பார்த்த தாவல் இங்கே இல்லை.

மைய அதிர்வெண்ணில் இன்னொரு அழகும் இருக்கிறது. அங்கே மூன்று வெளியீடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும். லோ-பாஸும் ஹை-பாஸும் மட்டும் நேரெதிர் திசையில் ஆடும். இவ்விரண்டையும் சமமாகக் கூட்டினால் மைய அதிர்வெண் மறைந்து மற்றவை தப்பிக்கும். இதற்கு ‘நாட்ச்’ என்று பெயர். 1974-இல் டாம் ஓபர்ஹைம் கொண்டுவந்த எஸ்.இ.எம். என்ற சின்தசைசர் இந்தப் பண்பை ஒரு குமிழில் அடக்கியது. குமிழ் ஒரு பக்கம் லோ-பாஸ், மறுபக்கம் ஹை-பாஸ், நடுவில் நாட்ச். இரண்டு வெளியீடுகளை விகிதம் மாற்றிக் கலப்பதன்றி அங்கே வேறொன்றும் நடப்பதில்லை. பேண்ட்-பாஸுக்குத் தனி நிலை இருந்தது.

இந்தச் சுற்றைக் கட்டுபவர்கள் மூன்று இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது வோல்டேஜ். மேலே சொன்ன அமைப்பில் மையத்தில் சிக்னல் க்யூ மடங்கு பெருகும். ±12 வோல்ட் சப்ளையில் டி.எல்.074 சுமார் 10 வோல்ட் வரைதான் ஆடும். க்யூ 10 இருக்கும்போது 2 வோல்ட் கொடுத்தால் 20 வோல்ட்டுக்குப் போக முயன்று, அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். க்யூவைக் கூட்டும்போது உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பதே வழி.

இரண்டாவது, அதிக அதிர்வெண். ஒவ்வொரு ஆம்பும் சிக்னலைக் கொஞ்சம் தாமதிக்கிறது. டி.எல்.074-இன் அலைவரிசை எல்லை சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் இந்தத் தாமதம் தெரியாது. 20 கிலோஹெர்ட்ஸில் மூன்று ஆம்பின் தாமதமும் சேர்ந்து உராய்வைத் தின்றுவிடும். 10-க்கு வைத்த க்யூ ஏறத்தாழ 15 ஆகும், 30-க்கு வைத்தால் சுற்று தானாக அலைபாயத் தொடங்கும். அங்கே இன்னும் வேகமான ஆம்ப் தேவை.

மூன்றாவது, குமிழே. அதிர்வெண்ணை மாற்ற இரண்டு ரெசிஸ்டர்களும் ஒன்றாக மாற வேண்டும் என்பதால், ஒரே தண்டில் இரண்டு பிரிவு கொண்ட இரட்டை பொட்டென்ஷியோமீட்டர் போடுகிறார்கள். மலிவான வகைகளில் இரண்டு பிரிவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஒன்று மற்றதைவிட 10 சதவீதம் விலகினால் மையமும் க்யூவும் சுமார் 5 சதவீதம் நகரும். குமிழ்கள் தனித்தனி என்ற வாக்குறுதி இங்கேதான் சற்றுத் தளர்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சைன் அலை ஒன்றைக் கொடுத்து, ஹை-பாஸும் லோ-பாஸும் ஆசிலாஸ்கோப்பில் சம உயரத்துக்கு வரும்வரை அதிர்வெண்ணை நகர்த்த வேண்டும். அப்போது பேண்ட்-பாஸும் அதே உயரத்தில் நின்றால் இரண்டு இன்டக்ரேட்டர்களும் ஒத்திருக்கின்றன. பேண்ட்-பாஸ் தாழ்ந்திருந்தால் முதல் இன்டக்ரேட்டரின் ரெசிஸ்டரோ கெபாசிட்டரோ இரண்டாவதைவிடப் பெரிது, உயர்ந்திருந்தால் சிறிது. குமிழை வேறு வேறு நிலைகளில் வைத்து இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தால், கோளாறு பொட்டென்ஷியோமீட்டரிலா கெபாசிட்டரிலா என்பதும் தெரிந்துவிடும். கெபாசிட்டரின் பிழை எல்லா நிலையிலும் ஒரே அளவில் இருக்கும், பொட்டென்ஷியோமீட்டரின் பிழை குமிழோடு சேர்ந்து மாறும்.