முதல் சந்திப்புக்கு அழைக்கும் குறுஞ்செய்தி

டேட்டிங் செயலியிலோ திருமணத் தகவல் தளத்திலோ அறிமுகமான இருவர் சில நாட்கள் எழுதிப் பேசிய பிறகு, நேரில் பார்க்கலாமா என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். பலர் இதை “எப்பவாவது மீட் பண்ணலாமா?” என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு இது எளிது, பதில் சொல்பவருக்குக் கடினம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பது எதுவும் தெரியாமல் ஒருவர் சரி சொல்ல முடியாது. சொன்னாலும் திட்டமிடும் வேலை அவர் தலையில் விழும். அதனால் “பார்க்கலாம்” என்ற பதிலோடு பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

நல்ல அழைப்பில் இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய நான்கும் இருக்கும். மறுப்பதற்கான வழியும் திறந்திருக்கும். சென்னையில் வேலை பார்க்கும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். கதீட்ரல் சாலை வழியாகத் தினமும் போனாலும் செம்மொழிப் பூங்காவுக்குள் போனதே இல்லை என்று அந்தப் பெண் பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறார். சில நாள் கழித்து அவர் இப்படி அழைக்கலாம்:

“செம்மொழிப் பூங்காவுக்குள்ள போனதே இல்லன்னு சொன்னீங்களே. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு அங்க ஒரு சுத்து நடந்துட்டு, பக்கத்துல ஒரு காபி குடிக்கலாமா? நான் 6 மணிக்குக் கிளம்பணும், அதனால ஒரு மணி நேரம்தான். வர தோது இல்லன்னா தயங்காம சொல்லிடுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

முதல் வரி, அவர் சொன்னதைக் கவனித்திருப்பதைக் காட்டுகிறது; பத்துப் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. இடம் பொது இடம். குடும்பங்களும் குழந்தைகளும் நடமாடும் பூங்காவில் இருவரும் தனித்துவிடப்படுவதில்லை. நடந்துகொண்டே பேசும்போது, எதிரெதிரே உட்கார்ந்து முகத்தையே பார்க்க வேண்டிய கூச்சமும் குறைகிறது. அனுப்பும் முன் பூங்கா மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கோடை வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும் காபிக் கடையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்வதுதான் இந்தச் செய்தியின் முக்கியமான பகுதி. பேச்சு ஒட்டவில்லை என்றால், சாக்குத் தேடாமல் 6 மணிக்கு இருவரும் விடைபெறலாம். ஒட்டினால் அடுத்த சந்திப்புக்குப் பேச விஷயம் மீதமிருக்கும். செலவும் ஒரு காபியோடு நிற்பதால், யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை. பெரிய ஹோட்டலில் விருந்து என்றால் இந்த வசதி இல்லை; சாப்பாடு பாதியில் இருக்கும்போது எழுந்து போவது சங்கடம். சினிமாவில் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தும் பேச முடியாது. ஈ.சி.ஆரில் காரில் போகலாம் என்ற அழைப்பு இதைவிடச் சிக்கலானது. வீடு திரும்புவதற்கு ஒருவர் மற்றவரின் வண்டியை நம்பியிருக்க வேண்டியிருக்கும். அதே காரணத்தால், “நான் வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்” என்பதையும் முதல் அழைப்பில் தவிர்க்க வேண்டும். முன்பின் பார்த்திராத ஒருவரிடம் வீட்டு முகவரி கேட்பதாக அது ஆகிவிடும்.

பதிலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். “சனிக்கிழமை முடியாது, ஞாயித்துக்கிழமை காலையில ஓகேவா?” என்றால் விருப்பம் இருக்கிறது; நாள்தான் பொருந்தவில்லை. “இந்த வாரம் கொஞ்சம் பிஸி” என்று மட்டும் எழுதி வேறு நாள் சொல்லவில்லை என்றால், “சரி, உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ சொல்லுங்க” என்ற ஒரே வரியோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்த நாளை அவர்தான் சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால் சில நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் அது நச்சரிப்பு. ஏன் முடியாது என்று காரணம் கேட்பது, மறுக்கலாம் என்று முன்பு சொன்னதைப் பொய்யாக்கிவிடும்.

சம்மதம் வந்ததும், பூங்காவின் எந்த வாசலில் நிற்பது என்பதைக் குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலை “சாயங்காலம் 5 மணிக்கு வர்றேன், உங்களுக்கும் சரிதானே?” என்று ஒரு வரி அனுப்பினால், வருவாரா மாட்டாரா என்ற குழப்பம் இருக்காது. இருவரும் தனித்தனியே வந்து தனித்தனியே திரும்ப வேண்டும். எங்கே, யாரைப் பார்க்கப் போகிறார் என்பதை ஒவ்வொருவரும் நண்பர் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் “பூங்கா வேண்டாம், நேரா என் ஃபிளாட்டுக்கு வந்துடுங்க” என்று செய்தி வந்தால் அது வேறொரு திட்டம். பழைய இடத்துக்கே வருவதாகச் சொல்லலாம்; அதற்கு அவர் இணங்காவிட்டால் போகாமல் இருந்துவிடலாம். முன்பு சரி என்று சொன்னது இதற்குப் பொருந்தாது.