வேலையை விட்டாச்சு, கடை போட்டாச்சு: அறிவிப்பை எழுதுவது எப்படி?

வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவோர் அதை இன்று படத்தோடு நாலு வரி எழுதித்தான் ஊருக்குச் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் அந்த வரிகளில் முதல் 125 எழுத்துகள் அளவுக்குத்தான் கண்ணில் படும். மீதியைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். அந்த இடத்தைப் பழைய அலுவலகத்துக்கு நன்றி சொல்லியே தீர்த்துவிடுபவர்கள் அதிகம். என்ன கடை, எங்கே என்பது அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

கோவையில் ஐ.டி. வேலையை விட்டு மரச்செக்கு எண்ணெய் ஆட்ட வரும் ஒருவர் இப்படி எழுதலாம்:

“எட்டு வருஷ வேலையை விட்டாச்சு. வடவள்ளியில மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டிருக்கேன். வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கி வெச்சிருக்கேன். அதுக்குள்ள கடை தன் வாடகையைத் தானே கட்டணும். கட்டலைன்னா மறுபடி வேலை தேடுவேன். இப்போதைக்கு நல்லெண்ணெய் மட்டும், அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில். வேணுங்கிறவங்க சொல்லுங்க.”

‘பயமாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் ஆறுதல்தான் வந்து குவியும். ‘ஒரு வருஷம்’ என்ற கெடு அப்படியல்ல. எதுவரை தாங்கும், தாங்காவிட்டால் என்ன செய்வார் என்பது படிப்பவருக்குத் தெளிவாகிறது. மறுபடி வேலை தேடுவேன் என்பதை எழுதப் பலர் கூசுகிறார்கள். நாளை அதே துறையில் வேலை கேட்டுப் போக நேர்ந்தால் கைகொடுப்பது அந்த வரிதான். கையிருப்பு எத்தனை லட்சம், கடன் எவ்வளவு என்பதை மட்டும் எழுதக் கூடாது. கடனுக்கு எள் தரும் மண்டிக்காரரும் அதைப் படிப்பார்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலையை விட்ட பிறகு ஒருவர் தொழில் செய்யவே கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது; 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் நோட்டீஸ் காலம் முடியும்வரை அவர் ஊழியர்தான். வேறு தொழில் செய்யக் கூடாது என்று பணி நியமன ஆணையில் இருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும். அறிவிப்பை அதற்குள் போட்டுவிட்டால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்து, கணக்குத் தீர்ந்த பிறகு போடுவதே நல்லது. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்களும் மேலாளர் மீதான கோபமும் அதில் வேண்டாம்.

உணவுப் பொருளாக இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் பாட்டில் லேபிளில் இருக்க வேண்டும். அது கிடைக்கும் முன்பே ஆர்டர் கேட்டு எழுதினால், வாங்க வந்தவர்களைக் காக்க வைக்க நேரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே முதல் பாட்டில் விற்பனைக்குத் தயாரான அன்று போடுங்கள்.