நீக்கப்பட்ட பத்தியும் நெட்வொர்க் பாடமும்

பில் செஸ்விக்கும் ஸ்டீவ் பெல்லோவினும் 1994-ல் ஃபயர்வால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு சர்வரைச் சுலபமாக முடக்கிப்போடும் வழி ஒன்று அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார்கள். பிறகு அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் தாக்குதலைத் தடுக்க அன்று உருப்படியான வழி எதுவும் இருக்கவில்லை. 1996 செப்டம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் அதே வழியில் தாக்கப்பட்டுப் பல நாள் திண்டாடியது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அதே காலத்தில் வந்த வேறொரு புத்தகத்தில் இருந்தது. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுதிய ‘டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்’ நூலின் முதல் பாகம் அது. ஹேக்கிங் கற்றுத்தருவதாக அது எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதை, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து அச்சிட்டுக் காட்டும், அவ்வளவுதான். பாதுகாப்புத் துறைக்குப் போக நினைக்கும் மாணவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது இத்தகைய புத்தகத்தைத்தான். கெவின் ஃபால் திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பு 2011-ல் வந்தது. இன்று வாங்குபவர் அதை வாங்கலாம்.

ஆயிரம் பக்கங்களையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. இணைப்பு எப்படி உண்டாகிறது என்று சொல்லும் அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். பழைய பதிப்பில் அது 18-வது, புதியதில் 13-வது. படிக்கும்போது பக்கத்தில் ஒரு லினக்ஸ் கணினி இருக்கட்டும். மூன்று டெர்மினல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியை இயக்க வேண்டும்:

```
python3 -m http.server 8000
sudo tcpdump -n -i lo port 8000
curl http://127.0.0.1:8000
```

இரண்டாவது டெர்மினலில் வரும் முதல் மூன்று வரிகளில் `[S]`, `[S.]`, `[.]` என்ற குறிகள் தெரியும். கேட்பவர் ‘இணைக்கலாமா’ என்கிறார்; சர்வர் ‘சரி, என் தொடக்க எண் இது’ என்கிறது; கேட்பவர் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பிச் சொல்கிறார். இணைப்பு தயார். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டுப் பார்த்தால் இரண்டாவது வரியில் `[R.]` வரும்: கதவு மூடியிருக்கிறது என்று பொருள். நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கிவிட்டால் பதிலே வராது, `[S]` மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். மூடிய கதவுக்கும் ஃபயர்வாலுக்கும் உள்ள இந்த வேறுபாடு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பயன்படும்.

இனி அந்தத் தாக்குதல். முதல் `[S]` வந்தவுடன் சர்வர் அதை நினைவில் குறித்துவைத்துக்கொண்டு மூன்றாவது பாக்கெட்டுக்காகக் காத்திருக்கிறது. இப்படிக் காத்திருப்பவர்களுக்கான வரிசைக்கு ஒரு நீள வரம்பு உண்டு. ஸ்டீவன்ஸ் விளக்கும் அந்தக் காலத்து யூனிக்ஸில் அது மிகச் சிறியது. நிரல் எழுதுபவர் கேட்கக்கூடிய உச்ச அளவே ஐந்துதான். போலி முகவரிகளிலிருந்து முதல் பாக்கெட்டை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால் வரிசை நிரம்பிவிடும், நிஜ வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. பேனிக்ஸுக்கு நேர்ந்தது இதுதான். அத்தியாயத்தைக் கவனமாகப் படித்தவருக்கு, யாரும் சொல்லித்தராமலே இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்கும்.

மருந்தும் அங்கிருந்தே வந்தது. 1996-லேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் முதலியோர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: சர்வர் எதையும் குறித்துவைக்க வேண்டாம். இணைப்பின் விவரத்தை ஒரு ரகசியத்தோடு கலந்து, தன் தொடக்க எண்ணாகவே அனுப்பிவிடட்டும். மூன்றாவது பாக்கெட்டில் அந்த எண் சரியாகத் திரும்பி வந்தால்தான் இடம் ஒதுக்க வேண்டும். போலி முகவரியைப் போட்டு அனுப்புபவருக்கு அந்த எண் போய்ச் சேராது. ஆனால் 32 பிட் எண்ணுக்குள் எல்லா விவரமும் அடங்காது, இணைப்பின் சில கூடுதல் வசதிகள் உதிர்ந்துபோகும். அதனால் வரிசை நிரம்பும்போது மட்டும் லினக்ஸ் இதைப் பயன்படுத்துகிறது.

நெட்வொர்க்கை இப்படிப் பார்த்துப் பழகியவர், கணினியின் நினைவகத்துக்குள் இறங்க ஜான் எரிக்சனின் ‘ஹேக்கிங்: தி ஆர்ட் ஆஃப் எக்ஸ்பிளாய்டேஷன்’ நூலுக்குப் போகலாம். 2008-ல் வந்த இரண்டாம் பதிப்பின் உதாரணங்கள் இன்றைய கணினிகளில் அப்படியே ஓடாது, இடையில் வந்த தற்காப்புகள் மறிக்கும். எது மறிக்கிறது என்று தேடிப் போவதே பாதி பாடம். ராஸ் ஆண்டர்சனின் ‘செக்யூரிட்டி இன்ஜினியரிங்’ அதற்கும் பிறகு. ஏடிஎம் முதல் அணு ஆயுதம் வரை பேசும் தடித்த புத்தகம் அது. அடிப்படை தெரியாமல் படித்தால் கதைகள்தான் மனதில் நிற்கும்.

பயிற்சி எல்லாம் சொந்தக் கணினியில், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு இடையில் மட்டுமே நடக்க வேண்டும். பிறருடைய சர்வரைத் தீய நோக்கத்தோடு முடக்கினால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.