பணம் ஒரு பக்கமே நடந்தால் வட்டி ஏது?

ஆண்டுக்கு ரூ.50,000 வீதம் 10 ஆண்டுகள் பிரீமியம் கட்டினால், பத்தாம் ஆண்டு முடிவில் ரூ.6,50,000 கிடைக்கும் என்று ஒரு எண்டோமென்ட் பாலிசியைப் பற்றி முகவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கட்டுவது ஐந்து லட்சம், வருவது ஆறரை லட்சம். லாபம் ஒன்றரை லட்சம் என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வங்கி வைப்புநிதியோடு ஒப்பிட வேண்டுமானால், ஆண்டுக்கு எத்தனை சதவீத வட்டி விழுகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு காலம் உள்ளே கிடப்பதால் மனக்கணக்கு இங்கே உதவாது.

இதற்காகவே எக்செல்லில் ஐ.ஆர்.ஆர். என்ற சார்பு இருக்கிறது. அக ஈட்டு விகிதத்தைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலை. B2 முதல் B11 வரை பத்துக் கட்டங்களில் 50000, அடுத்து B12-இல் 650000 என்று நிரப்பிவிட்டுச் சூத்திரத்தை எழுதுகிறோம்.

```
=IRR(B2:B12)
```

கட்டத்தில் சதவீதம் வரவில்லை. `#NUM!` என்று வருகிறது. முதல்முறை இந்தச் சார்பைத் தொடுபவர்களில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். எண்களைச் சரிபார்த்தால் ஒன்றும் தப்பில்லை. தப்பு எண்களில் இல்லை, அவற்றின் குறியில் இருக்கிறது.

அந்தச் சார்பு உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். சின்னக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று ரூ.1,000 கொடுக்கிறோம், ஓராண்டு கழித்து ரூ.1,100 வாங்குகிறோம். போவது -1000, வருவது 1100. அடுத்த ஆண்டு வரும் 1,100 ரூபாயை 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அதாவது 1.10-ஆல் வகுத்தால், 1,000 கிடைக்கும். போனதும் வந்ததும் ஈடாகி, கூட்டுத்தொகை பூஜ்யமாகிறது. அப்படிப் பூஜ்யமாக்கும் விகிதம்தான் விடை. எக்செல் வேறு எதையும் தேடுவதில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 சதவீதத்தில் தொடங்கி, விகிதத்தைத் திருத்தித் திருத்திப் பூஜ்யத்தை நெருங்கப் பார்க்கும். 20 முறை முயன்றும் விடை பிடிபடாவிட்டால் `#NUM!` என்று சொல்லி விலகிவிடும்.

இப்போது அந்தக் கழித்தல் குறியை எடுத்துவிடுவோம். 1000, 1100 இரண்டுமே கூட்டல். விகிதம் 10 சதவீதம் என்றால் மொத்தம் 2,000. 100 சதவீதம் என்று ஏற்றினால் 1,550. 1000 சதவீதத்துக்குப் போனாலும் 1,100. விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் இன்றைய 1,000 ரூபாய் கரையாது. மொத்தம் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. எதிர்ப்பக்கம் போய் விகிதத்தை -50 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 3,200 ஆகிறது. எந்தத் திசையில் போனாலும் பூஜ்யம் அகப்படாது. எல்லாச் சுமையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, தராசு முள் எப்போது நடுவில் நிற்கும் என்று காத்திருப்பது போலத்தான் இது.

பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் இதற்கான விதி இருக்கிறது. ஒரு சமன்பாட்டின் கெழுக்களில் குறி எத்தனை முறை மாறுகிறதோ, அதற்குமேல் அதற்கு நேர் விடைகள் இருக்க முடியாது என்பது அந்த விதி. குறி ஒருமுறைகூட மாறாவிட்டால் விடையே கிடையாது. எனவே எக்செல் கேட்கும் நிபந்தனை எளியது: பட்டியலில் குறைந்தது ஒரு கூட்டல் எண்ணும் ஒரு கழித்தல் எண்ணும் வேண்டும். சார்பில் தொடக்க ஊகத்தை மாற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. விடை இருந்தும் எக்செல்லுக்கு எட்டாதபோது அது உதவும். விடையே இல்லாதபோது எந்த ஊகமும் உதவாது.

பாலிசிக்குத் திரும்புவோம். நம் கையிலிருந்து போகும் பத்துப் பிரீமியங்களையும் -50000 என்று மாற்றி, முதிர்வுத் தொகையை மட்டும் கூட்டலாக விட்டால், உடனே 5% என்று விடை வரும். தசம இடங்களைக் கூட்டிப் பார்த்தால் 4.72%. ஒன்றரை லட்ச லாபத்தின் உண்மையான வேகம் அதுதான். எல்லாக் குறிகளையும் தலைகீழாக்கி, காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமிருந்து எழுதினாலும் இதே விடைதான் வரும். யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பது முக்கியமில்லை. கடைசிவரை ஒரே பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுபவர்கள் இதே குழியில் வேறு வழியாக விழுகிறார்கள். கட்டிய தவணைகளையெல்லாம் கவனமாகக் கழித்தலில் எழுதியிருப்பார்கள். ஆனால் யூனிட்டுகளை இன்னும் விற்கவில்லையே என்று வரவு எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். முழுப் பட்டியலும் கழித்தல், எனவே `#NUM!`. தேதிவாரியாகக் கணக்கிடும் `XIRR` சார்புக்கும் இதே நிபந்தனை உண்டு. இன்று விற்றால் கிடைக்கும் மதிப்பை, இன்றைய தேதியிட்டுக் கடைசி வரியில் கூட்டலாகச் சேர்த்தால் கணக்கு நிறைவடையும்.

கண்ணுக்குக் குறி சரியாகத் தெரிந்தும் பிழை வருவதுண்டு. வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது, ‘50,000 Dr’ என்றோ, கழித்தல் குறிக்குப் பதிலாக நீளக் கோடு போட்டோ தொகை வந்து உட்கார்ந்திருக்கும். நமக்கு அது பற்று. எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. கட்டங்களில் இருக்கும் எழுத்துகளை ஐ.ஆர்.ஆர். கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். பத்துப் பிரீமியங்களும் எழுத்தாக இருந்தால் மிஞ்சுவது 650000 மட்டும், பிழை வந்துவிடும்.

அதைவிட ஆபத்தானது, இரண்டு பிரீமியங்கள் மட்டும் எழுத்தாகிப் போவது. அப்போது பிழையே வராது. அந்த இரண்டு தவணைகள் கணக்கிலிருந்து மறைவதோடு, காலமும் பத்திலிருந்து எட்டு ஆண்டாகச் சுருங்கிவிடும். 4.72 சதவீதப் பாலிசி சுமார் 10.7 சதவீதம் தருவதாகத் திரையில் தெரியும். பணம் எதுவும் கட்டாத ஆண்டின் கட்டத்தைக் காலியாக விட்டாலும் காலம் இப்படித்தான் சுருங்கும். அங்கே 0 என்று எழுத வேண்டும். எனவே விடையை நம்புவதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது.

```
=MIN(B2:B12)
=MAX(B2:B12)
=COUNT(B2:B12)
```

முதலாவது கழித்தலாகவும், இரண்டாவது கூட்டலாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, உண்மையான எண்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும். நம் பாலிசிக்கு அது 11. அதற்குக் குறைந்தால், எங்கோ ஓர் எழுத்தோ காலிக் கட்டமோ ஒளிந்திருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் `#NUM!` வந்தால், கணக்கே அப்படிப்பட்டதா என்று பார்க்க வேண்டும். முதிர்வுத் தொகை இல்லாத டேர்ம் பாலிசியில், காலம் முடியும்வரை உயிரோடு இருப்பவருக்குப் பிரீமியம் மட்டுமே உண்டு, வரவு கிடையாது. உதவித்தொகை பெறும் மாணவருக்கு வரவு மட்டுமே, முதலீடு கிடையாது. இவற்றுக்கு ஈட்டு விகிதம் என்ற ஒன்றே இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்தத் தொகைகளின் இன்றைய மதிப்பு எவ்வளவு? அதற்கு விகிதத்தை நாமே முடிவுசெய்து `NPV` சார்பிடம் கொடுக்க வேண்டும். அது குறியைப் பார்த்துத் தயங்காது. வருவது முழுவதும் செலவாக இருந்தாலும், அந்தச் செலவின் இன்றைய மதிப்பைச் சொல்லிவிடும்.