நூறு ரூபாய் ஆர்டரை விட்டு நூற்றைம்பதுக்குப் போகும் பணம்

இணையத்தில் புடவை விற்கும் ஒரு சிறு கடை; கணக்குக்காக ஒரு கற்பனை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். ஒரே கேம்பெயின், அதற்குள் இரண்டு ஆட் செட். முதலாவது, கடையின் தளத்துக்கு வந்து புடவை பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு. இரண்டாவது, கடையின் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கு.

பணத்தை ஆட் செட் அளவில் பிரித்தால், கடைக்காரர் சொன்னபடி ஆளுக்கு 750 ரூபாய் போகும். பழைய பார்வையாளர்களிடம் முதல் 3 ஆர்டர் தலா 100 ரூபாயில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் சிறியது. திரும்பத் திரும்ப அதே முகங்களுக்கே விளம்பரம் போவதால், மிச்சம் 450 ரூபாய்க்கும் ஒரே ஒரு ஆர்டர்தான் தேறுகிறது. புதியவர்களிடம் ஆர்டருக்கு 150 வீதம் ஐந்து. மொத்தம் 9.

கேம்பெயின் அளவில் 1,500-ஐ ஒட்டுமொத்தமாகக் கொடுத்தால், அதைப் பிரிக்கும் வேலை மெட்டாவின் கணினிக்குப் போகிறது. அடுத்த ஆர்டர் எங்கே மலிவு என்பதுதான் அதன் கேள்வி. எல்லாம் சரியாக நடந்தால் பழையவர்களுக்கு 300, புதியவர்களுக்கு 1,200. ஆர்டர் 3 + 8, மொத்தம் 11.

மறுநாள் ரிப்போர்ட்டைத் திறக்கும் கடைக்காரருக்குக் கோபம் வரும். 100 ரூபாய்க்கு ஆர்டர் தரும் செட்டுக்கு 300-தான். 150 ஆகும் செட்டுக்கு 1,200! உடனே புதியவர்களின் செட்டை நிறுத்துகிறார். பணம் முழுக்கச் சிறிய கூட்டத்தில் கொட்டுகிறது, விற்பனை சரிகிறது. அவர் பார்த்தது சராசரி விலை. கணினி பார்த்தது அடுத்த ஆர்டரின் விலை.

இன்னொரு லாபமும் உண்டு. ஓர் ஆட் செட் நிலைப்பட வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர் வேண்டும் என்கிறது மெட்டா. நாளுக்கு 5 என்றால் வாரம் 35, போதாது. நாளுக்கு 8 என்றால் 56.

இருந்தாலும் கணினியிடம் எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் புதிய ஆட் செட் ஒன்றைச் சேர்த்தால், அதற்கு நாளுக்கு இருபது முப்பது ரூபாய் மட்டுமே கிடைத்துப் பட்டினி கிடப்பது சகஜம். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. செட்டுக்குக் குறைந்தபட்சச் செலவு விதிக்கலாம். எல்லாச் செட்டுக்கும் விதித்தால் மறுபடி கையால் பிரித்த கதைதான்.

2019-ல் கேம்பெயின் பட்ஜெட்டைக் கட்டாயமாக்கப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது; 2020-ல் கைவிட்டது. இரண்டு வழியும் இன்றும் திறந்தே இருக்கின்றன. புதிய கூட்டத்தைச் சோதிக்கும்போது ஆட் செட் பட்ஜெட் வைக்கலாம். தேறியவற்றைக் கேம்பெயின் பட்ஜெட்டுக்குக் கொண்டுவரலாம். அதன்பிறகு பார்க்க வேண்டியது ரிப்போர்ட்டின் கடைசி வரி, அதாவது மொத்த ஆர்டரும் மொத்தச் செலவும்.