டேட்டிங் ஆப்ல ஓடுற சாட்... வாட்ஸ்அப்புக்கு எப்போ மாறலாம்?

நித்யா, அருண் என்று ரெண்டு பேரை வைத்துக்கொள்வோம். ரெண்டு பேரும் சென்னை. டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகி ஆறு நாள் ஆச்சு. வேளச்சேரி டிராஃபிக்கில் ஆரம்பித்த பேச்சு, மழைக்கால பஜ்ஜி, பிடிக்காத ஹீரோ, ஆபீஸ் மேனேஜர் என்று சூப்பராகப் போய்க்கொண்டிருக்கிறது. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று ரெண்டு பேருக்கும் நினைவில்லை. இப்போது அருணுக்கு ஒரே கேள்வி. "நம்பர் கேட்கலாமா? இப்போ கேட்டா சீக்கிரமா? கேட்காம விட்டா சாட் செத்துடுமா?"

ரெண்டு பயமுமே நியாயமானதுதான். ஆனால், இத்தனை நாள், இத்தனை மெசேஜ் என்று இதற்குக் கணக்கு எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது வேறு.

நம்பர் என்பது வெறும் பத்து இலக்கம் இல்லை

ஆப்பில் ஒருவரை அன்மேட்ச் செய்தால், அத்தோடு கதவு மூடிவிடும். போன் நம்பர் அப்படி இல்லை. கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தாலும் நம்பர் அவரிடம்தான் இருக்கும்.

அந்த நம்பரைப் பணம் அனுப்பும் யு.பி.ஐ ஆப்பில் போட்டுப் பார்த்தால், பேங்க் கணக்கில் இருக்கிற முழுப்பெயர் இனிஷியலோடு வந்து நிற்க வாய்ப்பு உண்டு. காலர் ஐ.டி ஆப்பில் தேடினால், யாரோ எப்போதோ சேவ் செய்த 'சுமதி அக்கா பொண்ணு' கூட வரலாம். ஆப்பில் வெறும் 'நித்யா, 25' ஆக இருந்தவருடைய நிஜ அடையாளம் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அதனால்தான் நிறைய பெண்கள் நம்பர் கொடுக்க யோசிக்கிறார்கள். அது சீன் போடுவது இல்லை.

சரியான நேரம் எது?

பேச்சு 'நேற்று, இன்று' என்பதிலிருந்து 'நாளை'க்கு நகர்வதுதான் நல்ல அறிகுறி. ஆறாவது நாள் நித்யா, "பெசன்ட் நகர்ல ஒரு காபி கடை இருக்கு, நீ ஒருநாள் ட்ரை பண்ணணும்" என்கிறாள். அருண், "சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?" என்கிறான். "அஞ்சு மணிக்கு மேல ஓகே" என்று பதில் வருகிறது. இதுதான் அந்த நேரம். ஏனென்றால், இப்போது நம்பருக்கு ஒரு வேலை இருக்கிறது. லொகேஷன் அனுப்ப வேண்டும், லேட் ஆனால் சொல்ல வேண்டும். காரணத்தோடு கேட்கும் நம்பர் யாரையும் நெருடாது.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி ரெண்டு பக்கமிருந்தும் வருகிறதா? நீங்கள் கேட்டால் மட்டும் பதில், அதுவும் 'ஹாஹா', 'ம்ம்' என்றால், வாட்ஸ்அப்பிலும் அதே 'ம்ம்'தான் வரும். இடம் மாறினால் ஆர்வம் வந்துவிடாது.

ரொம்பத் தள்ளிப்போட்டாலும் சிக்கல். 'சாப்டியா?', 'தூங்கலையா?' என்பது மட்டுமே தினசரிச் சடங்காகிவிட்டது, பத்து நிமிடத்தில் வந்த பதில் மறுநாள் வருகிறது என்றால், நல்ல தருணம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எப்படிக் கேட்பது?

'நம்பர் கொடு' என்பதைவிட உங்கள் நம்பரை முதலில் கொடுப்பது நல்லது. அருண் இப்படி அனுப்பினான்: "சனிக்கிழமைக்கு லொகேஷன் அனுப்ப வாட்ஸ்அப் ஈஸியா இருக்கும். இது என் நம்பர். உனக்குத் தோணும்போது மெசேஜ் பண்ணு. இங்கயே பேசலாம்னாலும் எனக்கு ஓகேதான்."

கடைசி வரிதான் முக்கியம். 'வேண்டாம்' என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது. நித்யா, "மீட் பண்ணிட்டுத் தர்றேனே" என்று சொன்னால், "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு பஜ்ஜி பேச்சுக்குத் திரும்ப வேண்டியதுதான். 'என்மேல நம்பிக்கை இல்லையா?' என்று ஒருவர் கேட்டால், அவருக்கு நம்பர் தராமல் இருப்பதே சரி.

மூணாவது மெசேஜிலேயே கேட்டால் உஷார்

"நான் இந்த ஆப் அதிகம் பார்க்க மாட்டேன், டெலீட் பண்ணப்போறேன், வாட்ஸ்அப் வா." மேட்ச் ஆன அரைமணி நேரத்தில் இப்படி வந்தால் கவனம். சிலர் நிஜமாகவே சோம்பேறிகளாக இருக்கலாம். ஆனால், மோசடி ஆட்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆப்பில் புகார் வந்தால் அவர்கள் கணக்கு முடக்கப்படும். வாட்ஸ்அப்புக்கு உங்களை இழுத்துவிட்டால், ஆப் கணக்கு போனாலும் நீங்கள் கையில் இருப்பீர்கள். வந்ததுமே உங்களை அன்மேட்ச் செய்துவிடுவதும் உண்டு. அப்போது அந்த புரொஃபைலும் சாட்டும் மறைந்துவிடுவதால், புகார் கொடுப்பது கஷ்டமாகிவிடும். அதனால், மாறுவதற்கு முன் புரொஃபைலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

ஆளைச் சோதிக்க எளிய வழி, நம்பர் கொடுக்கும் முன் ஐந்து நிமிட வீடியோ கால். பம்பிள் போன்ற ஆப்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'கேமரா ரிப்பேர்' என்றால் புரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வந்தபின் பேச்சு கிரிப்டோ, டிரேடிங், அவசரக் கடன் என்று திரும்பினாலோ, ராத்திரி வீடியோ காலில் உடையைக் கழற்றச் சொன்னாலோ, அங்கேயே கட் செய்யுங்கள். அதை ரெக்கார்டு செய்து பணம் கேட்டு மிரட்டுவது பழைய டெக்னிக். மாட்டிக்கொண்டால் பணம் அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள்.

கொடுக்கும் முன் ரெண்டு நிமிட வேலை

வாட்ஸ்அப்பில் Settings போய் Privacy திறங்கள். Last seen and online பகுதியில் Last seen, பிறகு Profile photo, About மூன்றையும் My contacts என்று மாற்றுங்கள். பிறகு, புது ஆளின் நம்பரை உடனே சேவ் செய்யாதீர்கள். சேவ் செய்யாத வரை அவர் உங்கள் contacts-ல் இல்லை. அதனால் அம்மா, தங்கையோடு இருக்கும் உங்கள் டி.பி அவருக்குத் தெரியாது. Status-ம் போகாது. சந்தித்து, பிடித்து, நம்பிக்கை வந்தபிறகு சேவ் செய்துகொள்ளலாம்.

மாறியாச்சு... அப்புறம்?

முதல் மெசேஜ் வெறும் 'ஹாய்' ஆக இருந்தால் பாதி உற்சாகம் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நித்யா அனுப்பியது: "வேளச்சேரி டிராஃபிக் சங்கத் தலைவர்தானே இது?" புது இடத்தில் பழைய சிரிப்பு தொடர்ந்தது.

இன்னொன்று, 'ஆன்லைன்' இங்கே தெரியும். "ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருந்த, எனக்கு ஏன் ரிப்ளை இல்ல?" என்று கேட்க ஆரம்பித்தால், சனிக்கிழமை காபி வருவதற்குள் கசந்துவிடும். அவங்க அம்மாவுக்கு மளிகை லிஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்திருக்கலாம், பாஸ்!