கூட்டினால் 183 வரும் காட்டை வாங்காதீர்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்குவழிச் சாலை பல காடுகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. சதுரமாய் இருந்த நிலம் சாலையோரத்தில் முக்கோணத் துண்டாகி நிற்கிறது. இந்தத் துண்டுகள் கைமாறும்போது தனியார் சர்வேயர் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார்கள். வாங்குபவர் செண்ட் எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார். மூலைகளில் எழுதியிருக்கும் மூன்று எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தைப் பத்திரத்தோடு வைக்கும்போதும் எந்த அலுவலகமும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்து இரண்டு மூலைகள் ஆ, இ. உள்ளே கிணற்றடியில் இருக்கும் மூலை அ. ஆ-வில் 71 டிகிரி, இ-யில் 50, அ-வில் 62 என்று எழுதியிருக்கிறது. கூட்டினால் 183. அப்படி ஒரு முக்கோணம் எந்தக் காட்டிலும் கிடையாது. மூன்று கோணங்களும் சேர்ந்தால் நேர்கோணம், அதாவது 180 டிகிரிதான் வர வேண்டும்.

ஏன் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைந்து, அதே அளவில் இன்னொன்றை வெட்டி அதன்மேல் வையுங்கள். அஆ என்ற பக்கத்தின் நட்டநடுவில் குண்டூசி குத்தி, வெட்டிய துண்டை அரைச்சுற்று சுற்றுங்கள். ஆ மூலை இப்போது அ-வின்மேல் வந்து உட்காரும். சாலைப் பக்கமாக இருந்த விளிம்பு அ-வைத் தொட்டு நிற்கும். அரைச்சுற்று ஒரு கோட்டைத் திசை திருப்புமே தவிர, சாய்க்காது. ஆகவே அந்த விளிம்பு சாலைக்கு இணையாகத்தான் இருக்கும். இன்னொரு துண்டை வெட்டி, அஇ பக்கத்தின் நடுவிலும் இதேபோலச் சுற்றுங்கள். இ மூலையும் அ-வுக்கு வந்துவிடும். அதன் விளிம்பும் சாலைக்கு இணை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு புள்ளி வழியாக ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு இணைகோடுதான் போட முடியும். எனவே இடப்பக்கம் போகும் விளிம்பும் வலப்பக்கம் போகும் விளிம்பும் ஒரே நேர்கோடு. அந்த நேர்கோட்டின் ஒரே பக்கத்தில் ஆ, அ, இ ஆகிய மூன்று கோணங்களும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. கூட்டுத்தொகை 180. முக்கோணம் ஒடுங்கியிருந்தாலும் விரிந்திருந்தாலும் இந்த வாதத்தில் ஒரு வரிகூட மாறாது. பள்ளிகளில் மூலைகளைக் கிழித்து ஒட்டிக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் 179-ஐயும் 180-ஐயும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இணைகோட்டைச் சொல்லாமல் காரணம் புரியாது.

மூன்று டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆ-வில் உண்மையில் 68 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அஆ பொழியின் நீளம் 60 மீட்டர். மூன்று டிகிரி பிசகினால் கிணற்றடி முனையில் பொழி சுமார் 3 மீட்டர் நகர்ந்துவிடும். ஆ-வில் கூராகத் தொடங்கி அங்கே 3 மீட்டராக விரியும் அந்தக் கீற்றின் பரப்பு ஏறக்குறைய 94 சதுர மீட்டர், அதாவது இரண்டேகால் செண்டுக்கும் சற்று மேல்.

கூட்டுத்தொகை தவறு என்றால் பிழை இருப்பது உறுதி. எந்த மூலையில் என்று அது சொல்லாது. மூன்றையும் திரும்ப அளக்க வேண்டும். சில விநாடிக் கோண வித்தியாசம் கருவியில் வரக்கூடியது, அதற்குச் சண்டை வேண்டாம். பாகைக் கணக்கில் வித்தியாசம் வந்தால் நிறுத்துங்கள்.

இதைவிட ஆபத்தானது, சரியாக 180 வரும் படம். இரண்டு மூலைகளை மட்டும் அளந்து, மூன்றாவதை 180-லிருந்து கழித்து எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகத்தான் வரும், பிழை உள்ளேயே ஒளிந்திருக்கும். மூன்று மூலையிலும் கருவியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்த குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன்: மூன்று மூலையிலும்.

அடுத்து, eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்துப் புலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோணம் இருக்காது, நீளங்கள் மீட்டரில் இருக்கும். மூன்று பக்க நீளமும் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் ஒன்றே ஒன்றுதான், அதனால் கோணங்களைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். புலப்படத்தில் நாற்கரமாக இருந்தால் மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாக்குங்கள்; நான்கு கோணங்களும் சேர்ந்து 360 வர வேண்டும். ஒத்துவரவில்லையென்றால் பணம் கொடுக்கும் முன்பே, நிலத்தின் உரிமையாளரை அரசு நில அளவைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கட்டிய கட்டணத்தின் ரசீதில் புல எண், உட்பிரிவு எண் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அளக்கும் நாளில் பக்கத்துக் காட்டுக்காரரும் பொழியில் நிற்கட்டும். கல் நட்ட பிறகு வந்து தகராறு செய்பவர்கள் பெரும்பாலும் அன்று வராதவர்கள்தான்.